வருஷ சந்தா ஜனவரியிலேயே வந்தாச்சு: மார்ச் கணக்கில் எவ்வளவு வருமானம்?

குழித்துறைக்காரி · ஏப்ரல் 6, 2025, இரவு 9.40

மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் கணக்கு பாக்கிறேன். அண்ணன் தம்பி ரெண்டு பேர் கூட்டா நடத்துற பிசினஸ், பார்ட்னர்ஷிப்தான். இதுவரைக்கும் எல்லாம் மாச வாடகை, அதனால கணக்கில் சிக்கல் வந்ததே இல்லை.

போன டிசம்பரில்தான் முதல் தடவையா வருஷ பிளான் போட்டோம். 6,000 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,080, மொத்தம் 7,080. கிறிஸ்துமஸுக்கு துபாய், குவைத்துன்னு ஊருக்கு வந்தவங்க வீட்ல இருக்கிற அம்மா அப்பாவுக்காக ஒரேயடியா கட்டிட்டுப் போனாங்க. டிசம்பரில் 12 பேர், ஜனவரியில் 60 பேர். வரி நீங்கலா 4,32,000 ரூபாய்.

நான் அத்தனையையும் 'சந்தா வருமானம்'னு டேலியில் போட்டுட்டேன். இப்போ மார்ச் லாபம் ரொம்ப நல்லா தெரியுது. ரெண்டு பார்ட்னரும் அதைப் பாத்து பங்கைப் பிரிச்சு எடுக்கலாம்னு பேசுறாங்க. ஆனா அந்த 72 வீட்டுக்கும் அடுத்த ஜனவரி வரைக்கும் நாங்க நெட் கொடுத்தாகணும். மேல இருந்து லைன் கொடுக்கிறவனுக்கு மாசாமாசம் பணம் கட்டணும், போஸ்ட் வாடகை இருக்கு, லைன்மேன் சம்பளம் இருக்கு. இந்த லாபம் நிஜமான லாபமான்னு எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை. எப்படிப் பிரிச்சு எழுதணும்?

---

திங்கள்சந்தை வியாபாரி · ஏப்ரல் 6, இரவு 10.15

மேடம், இதுல குழப்பமே வேண்டாம். பில் போட்டாச்சு, பணம் கைக்கு வந்தாச்சு, ஜிஎஸ்டியும் ஜனவரி ரிட்டர்ன்ல முழுசா கட்டியாச்சு. அரசாங்கமே 6,000 ரூபாயையும் உங்க விற்பனைன்னு ஏத்துக்கிட்டு வரி வாங்கிடுச்சே. அப்புறம் அதுல பாதி வருமானம் இல்லேன்னு எப்படிச் சொல்வீங்க? நாங்க ஜவுளிக்கடையில இருபது வருஷமா இப்படித்தான் எழுதுறோம்.

---

குமரி லாட்ஜ் · ஏப்ரல் 6, இரவு 10.32

நானும் இப்படி வருஷ சந்தா கட்டியிருக்கேன், கன்னியாகுமரியில் எங்க லாட்ஜுக்கு ரூம் புக்கிங் சாப்ட்வேர். அக்டோபர் 1ல 24,000 கட்டினேன். மாசம் 2,000 வீதம் செலவா எழுதுறேன். ஈஸியான விஷயம்தானே, இதுல வருமானம் எங்க வருது?

---

பழைய தணிக்கை · ஏப்ரல் 7, காலை 6.50

நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் இருந்துட்டு ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியோட ஒவ்வொரு ஏப்ரலும் யாராவது வருவாங்க.

முதல்ல லாட்ஜ்காரருக்கு. நீங்க செய்றது சரி, ஆனா நீங்க மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க. உங்களுக்கு அது முன்கூட்டிக் கட்டிய செலவு, சொத்துப் பக்கம் நிக்கும். சாப்ட்வேர் கம்பெனிக்கு அதே 24,000 பொறுப்பு, கடன் பக்கம் நிக்கும். நீங்க மாசம் 2,000 செலவு எழுதும்போது அவங்க மாசம் 2,000 வருமானம் எழுதணும். குழித்துறைப் பிள்ளை கேட்கிறது அந்த இன்னொரு பக்கத்தைப் பத்தி.

திங்கள்சந்தை அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. ஜிஎஸ்டி முழுசா ஜனவரியிலேயே கட்ட வேண்டியதுதான். சேவைக்குப் பில் தேதியும் பணம் வந்த தேதியும் பார்த்து, எது முந்துதோ அந்தத் தேதியில் வரி விழும். ஆனா அது வரி எப்போ விழும்னு சொல்ற சட்டம். வருமானம் எப்போ ஈட்டினீங்கன்னு அது சொல்லலை. ஜவுளிக்கடையில சேலையைக் கையில கொடுத்ததோட உங்க வேலை முடிஞ்சிருது, அதனால பில் தேதியும் வருமானத் தேதியும் ஒண்ணாவே இருக்கு. இருபது வருஷமா வித்தியாசம் தெரியாததுக்கு அதுதான் காரணம். இங்க பில் போட்ட அன்னைக்குத்தான் வேலையே ஆரம்பிக்குது.

ஏஎஸ் 9 என்ற கணக்கியல் தரத்தோட பின்னிணைப்பில் பத்திரிகைச் சந்தாவுக்கு நேராவே சொல்லியிருக்கு: வாங்கின பணத்தைத் தள்ளி வச்சு காலத்துக்குச் சமமாப் பரப்பு. உங்க இன்டர்நெட்டும் தினமும் ஒரே அளவு போற சேவைதான்.

இப்போ கணக்கு. மக்கா, உன் கிட்ட ஒரு வாடிக்கையாளரோட விவரம் கொடு. தொடங்கின தேதி, முடியிற தேதி. அவரை வச்சே பாப்போம்.

---

குழித்துறைக்காரி · ஏப்ரல் 7, காலை 8.05

ரொம்ப நன்றி சார். திருவட்டாறு பக்கம் ஒரு வீடு. ஜனவரி 20, 2025 தொடக்கம், ஜனவரி 19, 2026 முடிவு.

---

பழைய தணிக்கை · ஏப்ரல் 7, காலை 9.20

மொத்தம் 365 நாள். பணம் வந்த அன்னைக்கு இப்படிப் போட்டிருக்கணும்: வங்கியில் பற்று 7,080. வரவு மூணு இடத்துக்குப் போகும். முன்பணச் சந்தா 6,000, மத்திய வரி 540, மாநில வரி 540. வருமானக் கணக்கைத் தொடவே கூடாது. வரி 1,080 உங்க பணமே இல்லை, அது பரப்புற கணக்கிலும் வராது.

ஜனவரி கடைசியில் 12 நாள் ஓடியிருக்கு. 6,000 ஐ 365ல வகுத்து 12ஆல் பெருக்கினா 197.26. பிப்ரவரி 28 நாளுக்கு 460.27. மார்ச் 31 நாளுக்கு 509.59. மூணும் சேர்ந்து 1,167.12. ஒவ்வொரு மாசக் கடைசியிலும் முன்பணச் சந்தாவில் பற்று, சந்தா வருமானத்தில் வரவு. மார்ச் 31 அன்னைக்கு மிச்சம் 4,832.88 பொறுப்பாவே இருப்பு நிலைக் குறிப்பில் நிக்கும்.

அந்த 4,832.88 ஐ வங்கியில் பாக்கலாம், தொடலாம். ஆனா அது அந்தத் திருவட்டாறு வீட்டுக்கு நீங்க பட்டிருக்கிற கடன். நாளைக்கே கம்பெனியை மூடினா அவங்க கேட்டு வாங்கிற பணம். அதைப் பார்ட்னர்கள் லாபம்னு பிரிச்சா, ஆகஸ்ட்ல லைன் வாடகைக்குப் பணம் இருக்காது. இதை உன் முதலாளிங்ககிட்ட இப்படியே சொல்லு.

---

திங்கள்சந்தை வியாபாரி · ஏப்ரல் 7, காலை 10.10

சரி, பரப்பணும்னே வச்சுக்குவோம். அதுக்கு நாள் கணக்கு எதுக்கு? மாசம் 500. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், மூணு மாசம், 1,500. எழுதுறவங்களுக்கும் ஈஸி, முதலாளிக்கும் புரியும். பிப்ரவரியில 460, மார்ச்ல 509ன்னு போட்டா 'ஏன் குறைஞ்சது, ஏன் கூடுச்சு'ன்னு கேள்வி வரும்.

---

பழைய தணிக்கை · ஏப்ரல் 7, காலை 10.45

முதலாளி கேள்வி கேப்பார், அது உண்மைதான். ஆனா ஜனவரியில 12 நாள் மட்டும் நெட் கொடுத்துட்டு முழு மாசம் எழுதினா ஒரு ஆளுக்கு 333 ரூபாய் கூடுதலா வருது. 60 பேரும் அதே தேதின்னு வச்சா கிட்டத்தட்ட 20,000 ரூபாய் இந்த வருஷ லாபத்தில் முன்கூட்டியே உக்காந்திரும்.

மாசச் சமன் வேணும்னா ஒரு வழி இருக்கு. தொடங்கின மாசத்துக்கு அரை மாசம், முடியிற மாசத்துக்கு அரை மாசம். அப்படிப் பார்த்தா மார்ச் வரைக்கும் 1,250. சேர்றவங்க மாசம் முழுக்கப் பரவலா இருந்தா இது நல்லாவே பொருந்தும். உங்க வீடுகள் எல்லாம் விடுமுறையை ஒட்டிக் குவிஞ்சு சேர்ந்தவை, அதனால நான் நாள் கணக்கையே சொல்வேன். எதை எடுத்தாலும் வருஷாவருஷம் அதையே பிடிச்சுக்கணும்.

---

தக்கலை ஜிம் · ஏப்ரல் 7, மதியம் 1.30

எனக்கும் இதே கதைதான் அண்ணே. ஜனவரி 1ம் தேதி வரிசையில நின்னு வருஷத்துக்குப் பணம் கட்டுவாங்க. மார்ச் வந்தா பாதிப் பேரைக் காணோம். வராதவன் பணத்தை எதுக்கு நான் டிசம்பர் வரைக்கும் தள்ளி வைக்கணும்? அவன்தான் வரமாட்டான்ல, மார்ச்லயே முழுசா வருமானத்துல எடுத்துக்கலாமா?

---

பழைய தணிக்கை · ஏப்ரல் 7, மதியம் 2.40

எடுக்க முடியாது தம்பி. அவன் வாங்கினது எடை தூக்கின மணி நேரத்தை இல்லை, வருஷம் முழுக்க உன் கதவு திறந்திருக்கும்ங்கிற உரிமையை. நாளைக்குக் காலையில வந்து நின்னா உள்ள விடணும்ல? விடணும்னா பொறுப்பு இன்னும் தீரலை. நாள் கணக்கிலயே போட்டுட்டுப் போ.

வந்த தடவைக்குத்தான் பணம், இருபது தடவைக்கு இவ்வளவுன்னு கூப்பன் வித்தா கதை வேற. அங்க ஒவ்வொரு தடவையும் வரும்போது வருமானம் எடுக்கணும்.

---

குழித்துறைக்காரி · ஏப்ரல் 7, இரவு 8.50

சார், சாயங்காலம் உக்காந்து எக்செல்ல 72 பேருக்கும் போட்டுப் பாத்தேன். B பத்தியில் வரி நீங்கிய தொகை, C தொடக்கம், D முடிவு. F1ல இருந்து வலது பக்கம் மாசக் கடைசித் தேதிகள். இதுதான் போட்டேன்:

```
=ROUND($B2*MAX(0,MIN($D2,F$1)-MAX($C2,EOMONTH(F$1,-1)+1)+1)/($D2-$C2+1),2)
```

திருவட்டாறு வீட்டுக்கு நீங்க சொன்ன மூணு தொகையும் அப்படியே வருது. நாலஞ்சு வரிசையில் மட்டும் `#VALUE!` வந்துச்சு. பாத்தா தேதியை 20.01.2025ன்னு புள்ளி வச்சு அடிச்சிருக்கேன், எக்செல் அதைத் தேதியாவே எடுக்கலை. சரி பண்ணிட்டேன்.

மார்ச் 31 தேதியில் ஒரே ஜர்னலா, வருமானத்தில் போட்டிருந்த வருஷ சந்தா அத்தனையையும் முன்பணச் சந்தாவுக்கு மாத்தி, இந்தத் தாள்படி அதுவரைக்கும் ஓடின நாளுக்கான தொகையை மட்டும் திரும்ப வருமானத்துக்கு எடுத்தேன். ரெண்டு சந்தேகம் இருக்கு. டிசம்பரில் சேர்ந்த 12 பேருக்கு கிறிஸ்துமஸ் ஆஃபரா ஒரு மாசம் இலவசம் கொடுத்தோம். எல்லாருக்கும் டிசம்பர் 25 தொடக்கம், 13 மாசம். அந்த இலவச மாசத்துக்கு வருமானம் பூஜ்யம்தானே? அப்படி நினைச்சு முடிவுத் தேதியை எல்லாருக்கும் டிசம்பர் 24, 2025ன்னு வச்சுத்தான் ஜர்னல் போட்டிருக்கேன். ரெண்டாவது, நடுவுல லைன் வேண்டாம்னு யாராவது நிறுத்தினா?

---

பழைய தணிக்கை · ஏப்ரல் 8, காலை 7.15

அந்த ஃபார்முலா நல்லா இருக்கு மக்கா.

இலவச மாசம் உங்க விளம்பரத்தில்தான் இலவசம். 6,000 ரூபாய்க்கு நீங்க 13 மாசம் நெட் கொடுக்கிறீங்க, அவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டு மாசத்தில் முழுசையும் எடுத்துட்டா பதிமூணாவது மாசம் செலவு மட்டும் நிக்கும், வருமானம் இருக்காது. முடிவுத் தேதி ஜனவரி 24, 2026. மொத்தம் 396 நாள். மார்ச் 31 வரை 97 நாள் ஓடியிருக்கு. அப்போ ஒரு ஆளுக்கு 1,469.70. நீ 365ல வகுத்ததால 1,594.52 எடுத்திருப்ப.

நிறுத்துறவங்களுக்கு ஒரு உதாரணம். அந்தத் திருவட்டாறு வீடு ஜூன் 30 அன்னைக்கு நிறுத்துதுன்னு வை. 162 நாள் ஓடியிருக்கும், வருமானம் 2,663.01, மிச்சப் பொறுப்பு 3,336.99. நீங்க 3,000 ரூபாய் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கிட்டா அதோட வரி 540ம் சேர்த்துக் கொடுத்து, கிரெடிட் நோட் போட்டு, பொறுப்பில் இருந்து 3,000 கழிச்சு, மிஞ்சின 336.99ஐ அன்னைக்கே வருமானமா எடுக்கலாம். ஏன்னா அதுக்கு மேல அவங்களுக்கு நீங்க எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பில் 2024-25 ஐச் சேர்ந்தது, கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டி வரியைக் குறைக்க நவம்பர் 30, 2025 வரைக்கும்தான் நேரம்.

பணம் திருப்பித் தரமாட்டோம்னா, லைனைக் கழட்டி ஒப்பந்தம் முடிஞ்ச தேதியில் மிச்சம் முழுசும் வருமானம். லைன் உயிரோட இருந்தா, அவங்க உபயோகிக்காட்டியும் ஜிம் தம்பிக்குச் சொன்னதுதான்.

கடைசியா ஒண்ணு. தாளில் இருக்கிற 72 பேரோட மிச்சத்தைக் கூட்டு. டேலியில் முன்பணச் சந்தா இருப்போட ஒத்துப் போகணும். அதைப் பார்க்காம எந்தத் தாளையும் நம்பாத.

---

அஞ்சுகிராமம் ஆர்ட்டிகிள் · ஏப்ரல் 8, காலை 11.20

வணக்கம், சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்ல இருக்கேன். வருமான வரிக்கும் ஐசிடிஎஸ் 4 இதே வழியைத்தான் அனுமதிக்குது: குறிப்பிட்ட காலத்துக்கு எண்ணிச் சொல்ல முடியாத அளவு செயல்களா நடக்கிற சேவைன்னா, காலத்துக்குச் சமமாப் பரப்பலாம். கேஷ் அடிப்படையில் கணக்கு வைக்கிறவங்களுக்கு அது பொருந்தாது, இவங்க மெர்கன்டைல் முறைதான்னு நினைக்கிறேன்.

ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல 4,32,000 இருக்கும், புத்தகத்தில் அதுல ஒரு பகுதிதான் வருமானமா இருக்கும். ஏஐஎஸ்ல ஜிஎஸ்டி விற்றுமுதல் தெரியும், அதனால வருமான வரிக்காரங்க கேட்டா காட்ட இந்த எக்செல் தாளைப் பத்திரமா வைங்க அக்கா.

ஒரு கேள்வி. இணைப்பு கொடுக்க ஃபைபர் இழுக்கிற கட்டணம் வாங்கினீங்களா? அதை என்ன செய்தீங்க?

---

குழித்துறைக்காரி · ஏப்ரல் 8, மதியம் 12.05

ஆமா தம்பி, புது வீடுகளுக்கு 1,500 வாங்கினோம். அதை இணைப்பு கொடுத்த மாசமே வருமானமா எடுத்திருக்கேன். தப்பா?

---

அஞ்சுகிராமம் ஆர்ட்டிகிள் · ஏப்ரல் 8, மதியம் 12.40

என் கணக்குப்படி சரிதான். ஏஎஸ் 9 பின்னிணைப்பு, நிறுவல் கட்டணம் பொருள் விற்பனையோட துணையா இல்லேன்னா, கருவியை நிறுவி வாடிக்கையாளர் ஏத்துக்கிட்டதும் வருமானம்னு சொல்லுது. லைன்மேன் போஸ்ட்ல ஏறி இழுத்து, வீட்டுக்குள்ள பெட்டி மாட்டி, நெட் வந்துச்சுன்னு கையெழுத்து வாங்கிட்டார். வேலை முடிஞ்சிருச்சு.

---

பழைய தணிக்கை · ஏப்ரல் 8, மாலை 4.30

நான் ஒத்துக்க மாட்டேன். வெறும் வயரை வச்சு அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? நெட் வந்தாத்தான் அதுக்கு மதிப்பு. பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் 115 தரம் ஆரம்பக் கட்டணத்தை அப்படித்தான் பாக்குது: ஆயத்த வேலையால வாடிக்கையாளர் கைக்குத் தனியா ஒரு சேவை போகலைன்னா, அந்தக் கட்டணம் அடுத்து வரப்போற சேவைக்கான முன்பணம்.

---

அஞ்சுகிராமம் ஆர்ட்டிகிள் · ஏப்ரல் 8, மாலை 5.10

சார், 115 இவங்களுக்குக் கட்டாயமே இல்லை. இது பார்ட்னர்ஷிப், ஏஎஸ் 9தான் அளவுகோல். இழுத்ததுக்கு லைன்மேன் கூலியும் கேபிள் செலவும் அதே மாசம் எழுதியாச்சு. கட்டணத்தை மட்டும் வருஷம் முழுக்கப் பரப்பினா ஜனவரியில் செலவு மட்டும் நிக்குமே. இன்னொன்னு, பரப்பணும்னாலும் எத்தனை நாளுக்கு? ஒரு வருஷமா, இல்ல அந்த வீடு இவங்ககிட்ட இருக்கப்போற அத்தனை வருஷமுமா?

---

பழைய தணிக்கை · ஏப்ரல் 8, மாலை 6.00

கட்டாயம் இல்லைங்கிறது சரி. செலவைப் பத்திக் கேட்டதும் நல்ல கேள்விதான். எத்தனை நாளுக்குப் பரப்புறதுங்கிறதுக்கு இவங்ககிட்ட இப்போ பதில் இருக்காது, வருஷ பிளானே இப்போதான் ஆரம்பிச்சிருக்கு. எத்தனை பேர் புதுப்பிக்கிறாங்கன்னு அடுத்த ஜனவரியில்தான் தெரியும். ஆனாலும் என் மனசு மாறலை. மக்கா, இதை உங்க ஆடிட்டர்கிட்ட விட்டுரு. எந்தப் பக்கம் போனாலும் எழுத்தில் வாங்கி வச்சுக்கோ.

---

குழித்துறைக்காரி · ஏப்ரல் 9, இரவு 9.15

சார், ஆடிட்டர்கிட்ட கேக்கிறேன். ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. நீங்க சொன்ன மாதிரி டிசம்பர்காரங்க முடிவுத் தேதியைத் தாளில் மாத்தி, மிச்சத்தைக் கூட்டி, டேலியோட ஒப்பிட்டேன். டேலியில் 662.16 கூட இருக்கு. எங்க தேடினாலும் 662க்கு ஒரு பில்லும் கிடைக்கலை. சின்னத் தொகைதானே, விட்டுரலாமா?

---

பழைய தணிக்கை · ஏப்ரல் 9, இரவு 9.50

விடாத. சின்ன வித்தியாசம் சில நேரம் ரெண்டு பெரிய தப்பு ஒண்ணையொண்ணு கழிச்சதில் வர்றது. 662ஐத் தேடாம, டிசம்பரில் சேர்ந்தவங்களைத் தனியா, ஜனவரியில் சேர்ந்தவங்களைத் தனியாக் கூட்டி ஒப்பிடு. வித்தியாசம் 1,080ஆல வகுபட்டா, எங்கேயோ வரியோட சேர்த்து 7,080ஐயும் சந்தாவா போட்டிருக்கன்னு அர்த்தம்.

---

குழித்துறைக்காரி · ஏப்ரல் 9, இரவு 11.20

கிடைச்சிருச்சு சார்! ஜனவரியில் டேலி 2,160 கூட இருக்கு. ரெண்டு பில், ரெண்டுலயும் 7,080ஐ அப்படியே சந்தாவில் போட்டிருக்கேன். வரிக் கணக்குல அதே 2,160 குறைவா இருக்கு. ரிட்டர்ன் பில் புத்தகத்தைப் பாத்துப் போட்டதால அது சரியாத்தான் போயிருக்கு.

டிசம்பரில் டேலி 1,497.84 குறைவு. அதை 12ஆல வகுத்தா 124.82. நீங்க சொன்ன 1,594.52ல இருந்து 1,469.70ஐக் கழிச்சாலும் அதே 124.82. தாளைத் திருத்தினேன், ஜர்னலைத் திருத்த மறந்துட்டேன்.

ரெண்டு ஜர்னலும் இப்போதான் போட்டு முடிச்சேன். தாளும் டேலியும் பைசா வரைக்கும் ஒத்துப் போகுது. நாளைக்குக் காலையில பார்ட்னர்கள் ரெண்டு பேரும் ஆபீஸ் வருவாங்க. முதல்ல அந்தத் திருவட்டாறு வீட்டோட வரிசையைத்தான் காட்டப் போறேன்.

---

தக்கலை ஜிம் · ஏப்ரல் 10, காலை 6.05

அக்கா, அந்த ஃபார்முலாவை நானும் எடுத்துக்கிட்டேன். எனக்கு 40 பேர்தான், ஆனா எல்லாம் நோட்டுல இருக்கு. இன்னைக்கே தொடக்கத் தேதி எல்லாம் அடிச்சு வைக்கிறேன், புள்ளி வைக்காம.